முட்டு முதலில், கை பிறகு: கவசம் போட்டும் மணிக்கட்டு முறிந்த ஒரு நிகழ்வு

நாகர்கோவில் புறநகரில் ஒரு குடியிருப்பின் சிமெண்ட் ஷட்டில் கோர்ட். இன்லைன் ஸ்கேட் பழகத் தொடங்கி மூன்றாவது வாரத்தில் இருந்த 9 வயதுச் சிறுமி, எடை 27 கிலோ. ஆடி மாதம் என்பதால் மேற்கிலிருந்து காற்று பலமாக வீசியது. பக்கத்தில் வீடு கட்டக் குவித்திருந்த எம்-சாண்ட் பொடி கோர்ட்டின் ஒரு மூலையில் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. அதன் மேல் ஏறியதும் முன்சக்கரம் தடைபட்டது, சிறுமி முன்பக்கமாக விழுந்தாள். வேகம் அதிகமில்லை, ஒருவர் மெதுவாக ஓடும் வேகம்தான்.

தலையில் ஹெல்மெட், முழங்கால், முழங்கை இரண்டிலும் பேட், கையில் ரிஸ்ட் கார்டு எல்லாம் இருந்தன. இருந்தும் வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, இடது முழங்காலில் தோல் உரிவு, நெற்றியில் சிராய்ப்பு. முழங்கைகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டாருடைய கேள்வி நியாயமானது: எல்லாம் போட்டிருந்தும் ஏன் இப்படி?

பதிலை அந்தப் பொருட்களிலேயே படிக்க முடிந்தது. கவசத்தில் விழும் கீறல், எது எங்கே தரையைத் தொட்டது என்பதைக் காட்டிவிடும். இவை சிறுமியின் அண்ணன் மூன்று வருடம் முன்பு பயன்படுத்திய செட். அண்ணனின் பழைய கீறல்கள் அழுக்கேறி மங்கியிருந்தன. புதியவை பிளாஸ்டிக்கின் மேல் வெள்ளையாகத் தெரிந்தன. அதனால் பிரித்துப் பார்ப்பது கஷ்டமாக இல்லை.

முதலில் முழங்கால் பேட். நடுவில் இருக்கும் கெட்டி மூடியில் புதுக் கீறல் ஒன்றுகூட இல்லை. மேல் ஓரத்துத் துணி மட்டும் நைந்து, நூல் பிரிந்திருந்தது. உரிந்த தோலோ முழங்கால் சிப்பியின் நட்டநடுவில். அதாவது விழுந்த நேரத்தில் பேட் முழங்காலில் இல்லை, நாலு விரல் கீழே இறங்கிக் கணைக்கால் எலும்பின் மேல் உட்கார்ந்திருந்தது. ஸ்கேட்டிங்கில் காலின் முன்எலும்பைப் பாதுகாக்கச் செய்த பொருள் அல்ல அது.

இறங்கியதற்குக் காரணம் இரண்டு. அளவு முதல் காரணம். சிறுமியின் முழங்கால் சுற்றளவு, காலை லேசாக மடக்கி சிப்பியின் நடுவில் தையல் டேப் வைத்து அளந்தபோது 28 செ.மீ. பேட்டின் லேபிளில் 36 செ.மீ. முதல் என்று இருந்தது. பட்டையை முடிந்தவரை இழுத்தும் பின்பக்கம் ஒரு கை நுழையும் இடைவெளி. இரண்டாவது காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை: வெல்க்ரோ. அதன் கொக்கிப் பக்கம் முழுக்க நூலும் முடியும் தூசியும் அடைந்திருந்தன. கையால் அழுத்தினால் ஒட்டியது போலிருக்கும், காலை நாலு தடவை மடக்கி நீட்டினால் விட்டுக்கொடுத்துவிடும். போதாததற்கு, வழுவழுப்பான லெக்கிங்ஸ் மேல் பேட்டை மாட்டியிருந்தார்கள்.

இங்கேதான் இந்த நிகழ்வின் முடிச்சு இருக்கிறது. முன்பக்கம் விழும்போது முதலில் முட்டு, பிறகு முழங்கை, கடைசியில் உள்ளங்கை என்றுதான் பழக்குவார்கள். சிறுமி அதை நன்றாகவே கற்றிருந்தாள். விழும் கணத்தில் முழங்காலை மடக்கித் தரைக்குக் கொடுத்தாள். ஆனால் முழங்கால் பேட்டின் வேலை அடியைத் தாங்குவது மட்டும் அல்ல, சறுக்குவதும்தான். வழுவழுப்பான கெட்டி மூடி சிமெண்டில் பட்டால் உடல் கொஞ்ச தூரம் சறுக்கி, வேகம் அந்தத் தூரத்தில் கரைந்துபோகும். வெறும் முழங்காலும் துணியும் பட்டால் சறுக்காது, தரையைப் பிடித்துக்கொள்ளும். கால் நின்றுவிட, உடம்பின் மேல்பாதி அதே வேகத்தில் முன்னால் கவிழும். முட்டில் வலி பட்டதும் பிள்ளை அனிச்சையாக இரண்டு கைகளையும் விறைப்பாக நீட்டிவிடும். முழங்காலில் செலவாகியிருக்க வேண்டிய வேகம் முழுவதும் மணிக்கட்டுக்கு வந்தது இப்படித்தான். கைகள் நீண்டிருந்ததால் முழங்கை தரையைத் தொடவே இல்லை. முழங்கை தப்பியதற்கும் அதே காரணம்தான், அங்கிருந்த பேட்டுக்கு அதில் பங்கில்லை.

அந்த மணிக்கட்டில் இருந்த ரிஸ்ட் கார்டைப் பார்க்கலாம். நல்ல ரிஸ்ட் கார்டில் இரண்டு தகடுகள் இருக்கும். உள்ளங்கைப் பக்கத் தகடு வெளியே வளைந்து புடைத்திருக்கும். கை தரையில் படும்போது உள்ளங்கையின் அடிமேடு தரையைத் தொடாமல் இந்தப் புடைப்பு முதலில் தொட்டுச் சறுக்கும். புறங்கைப் பக்கத் தகடு மணிக்கட்டின் மேலாக நீளவாக்கில் இருக்கும், கை பின்பக்கம் அளவுக்கு மீறி மடங்காமல் அது தடுக்கும். மணிக்கட்டு முறிவது பெரும்பாலும் கை பின்னால் மடங்கிய நிலையில் உடல் எடை உள்ளங்கை வழியாக இறங்கும்போதுதான். எடை மணிக்கட்டின் சிறு எலும்புகள் வழியே பெருவிரல் பக்கத்து முன்கை எலும்பான ரேடியஸின் முனையில் போய் மோதுகிறது. ஆக ஒரு தகடு சறுக்க, இன்னொரு தகடு மடங்காமல் காக்க. இரண்டும் தத்தம் இடத்தில் இருந்தால்தான் வேலை நடக்கும்.

சிறுமியின் வலது கார்டில் உள்ளங்கைத் தகட்டின் மணிக்கட்டுப் பக்க விளிம்பில் மட்டும் புதுக் கீறல் இருந்தது. புடைப்பின் மேல் ஒன்றும் இல்லை. அடிமேட்டை மூடியிருந்த துணியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. கார்டு விரல்களை நோக்கி இரண்டு விரல் தூரம் நகர்ந்திருக்கிறது, அதோடு பெருவிரல் பக்கமாகச் சற்றுத் திரும்பியும் இருக்கிறது. அடிமேடு வெறும் துணியோடு தரையில் பட்டது. புறங்கைத் தகட்டின் பெரும்பகுதி புறங்கை மேலேயே போய்விட்டதால் மணிக்கட்டு தடையில்லாமல் பின்னால் மடங்கியது. கையில் கார்டு இருந்தும் மணிக்கட்டுக்கு அது இல்லாத கணக்குத்தான்.

நகர்ந்தது ஏன் என்பதற்கும் டேப்தான் பதில் சொன்னது. பெருவிரலை விட்டுவிட்டு, விரல் கணுக்களைச் சுற்றி அளந்தால் சிறுமிக்கு 15.5 செ.மீ. கார்டின் லேபிளில் 19 முதல் 21 வரை. பட்டையை இழுத்தபோது அதன் நுனி, ஒட்ட வேண்டிய வெல்க்ரோ பரப்பைத் தாண்டிப் போய்த் தொங்கியது. பட்டையின் வால் இப்படித் தொங்கினால் அந்த அளவு பிள்ளைக்கு ஆகாது என்று அர்த்தம், வேறு சோதனையே தேவையில்லை. "அடுத்த வருசத்துக்கும் ஆகும்லா" என்று பெரிதாக வாங்குவது சீருடைக்குச் சரி. கவசத்தில் அந்தச் சிக்கனம் செல்லாது.

அளவு மட்டும் அல்ல, எடைக் கணக்கும் இதில் உண்டு. ரோலர் விளையாட்டுகளுக்கான மணிக்கட்டு, உள்ளங்கை, முழங்கால், முழங்கைக் கவசங்களுக்கு ஐரோப்பியத் தரம் ஈஎன் 14120. அதில் அணிபவரின் எடையை வைத்து மூன்று பிரிவுகள்: 25 கிலோ வரை ஏ, 25 முதல் 50 வரை பி, 50-க்கு மேல் சி. அண்ணனின் செட் சி பிரிவு. 27 கிலோப் பிள்ளைக்கு பி போதும். சி என்றால் பாதுகாப்பு கூடும் என்று நினைக்க வேண்டாம், கனத்த உடலுக்கென்று கெட்டியாகச் செய்த தகடு மெலிந்த கைக்கு வளைந்து கொடுக்காது, உட்காரவும் செய்யாது. கடைகளில் வலைப்பையில் வரும் ஏழு பொருள் செட்களில் இந்த எண்ணே பலவற்றில் இருக்காது. அவற்றில் சிலவற்றின் ரிஸ்ட் கார்டில் உள்ளங்கைத் தகடு மட்டும் இருக்கும், புறங்கையில் வெறும் ஸ்பாஞ்ச். வாங்கும்போது புறங்கைப் பக்கத்தை இரண்டு கையாலும் மடக்கிப் பாருங்கள். துணி மாதிரி மடங்கினால் அது கையுறை, கார்டு அல்ல.

ஹெல்மெட்டின் கதை சுருக்கமானது. சிறுமியின் தலைச் சுற்றளவு, புருவத்துக்கு இரண்டு செ.மீ. மேலே அளந்தால் 52 செ.மீ. ஹெல்மெட் 55 முதல் 58 வரை. பின்பக்க டயலை முழுதும் திருகியும் தலை உள்ளே ஆடியது. ஹெல்மெட் கண்ணை மறைக்க, பிள்ளை அதைப் பின்னால் தள்ளித் தள்ளி விட்டிருக்கிறாள். விழும்போது அது பிடரிப் பக்கம் சாய்ந்து நெற்றி திறந்திருந்தது. சிராய்ப்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே. சரியாகப் போட்டிருந்தால் ஹெல்மெட்டின் முன்விளிம்பு இருந்திருக்க வேண்டிய இடம் அது. கையிலேயே வேகம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டதால் சிராய்ப்போடு போனது.

விழுந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். கை பெரிதாக வீங்கவில்லை, கோணவும் இல்லை, விரல்கள் எல்லாம் அசைந்தன. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து நீவினார்கள். வர்ம வைத்தியமும் எலும்பு வைத்தியமும் வேரோடிய இந்த மாவட்டத்தில் அது இயல்பான முதல் நினைப்புதான். நீவியதில் வலி கூடியது. மறுநாள் எக்ஸ்ரேயில் ரேடியஸின் முனையில் பக்கிள் முறிவு தெரிந்தது. குழந்தைகளின் எலும்பு மிருதுவானது. அழுத்தம் வரும்போது இரண்டாகத் துண்டாகாமல் ஒரு பக்கம் மட்டும் புடைத்து மடங்கும், நனைந்த அட்டைக் குழாயை இரு முனையிலும் அழுத்தினால் புடைப்பது போல. கழற்றி மாட்டக்கூடிய ஸ்ப்ளின்ட் மூன்று வாரம் போட்டார்கள், எலும்பு நன்றாகவே கூடியது. ஆனால் நீவியதும், வீக்கம் வரும் கையில் இறுக்கமாகக் கட்டுப் போடுவதும் ஆபத்தான வேலைகள். மணிக்கட்டு மடிப்புக்கு இரண்டு செ.மீ. மேலே எலும்பை ஒரு விரலால் தொட்டாலே பிள்ளை கையை இழுத்தால், எக்ஸ்ரே எடுக்கும் வரை அசையாமல் வைத்திருப்பதுதான் செய்ய வேண்டியது. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். பெருவிரலை நீட்டினால் அதன் அடியில் விழும் குழியில் வலித்தால் ஸ்கேஃபாய்ட் என்ற சிற்றெலும்பு முறிந்திருக்கலாம். அது முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். மருத்துவரிடம் அந்த இடத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

மருத்துவர் அனுமதித்து ஆறு வாரத்துக்குப் பிறகு சிறுமி திரும்பி வந்தபோது புதுச் செட் வாங்கப்பட்டது. இந்தத் தடவை பிள்ளையையே கடைக்குக் கூட்டிப்போனார்கள்.

ரிஸ்ட் கார்டை மூன்று விதமாகச் சோதித்தார்கள். மாட்டிய பிறகு விரல் நுனிகளை நோக்கிப் பிடித்து இழுக்கும்போது கார்டு ஒரு செ.மீ.க்கு மேல் நகரக்கூடாது. உள்ளங்கையை மேசையில் ஊன்றி மெல்ல எடையைக் கொடுக்கும்போது, மேசையைப் புடைப்புதான் தொட வேண்டும், அடிமேடு மேலே நிற்க வேண்டும். அதே நிலையில் மணிக்கட்டு பின்னால் மடங்கப் போகும்போது தகடு குறுக்கே நின்று தடுப்பது கைக்குத் தெரிய வேண்டும். மேல்பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைந்தால் சரியான இறுக்கம். விரல்கள் வெளிறினால், மரத்தால் கூடுதல் இறுக்கம். வலது, இடது மாறிப் போவதும் சகஜம். பெருவிரல் துளை எந்தப் பக்கம் என்று பார்த்து, உள்ளே மார்க்கர் பேனாவால் 'வ', 'இ' எழுதி வைத்தார்கள்.

முழங்கால் பேட்டில் வெறும் பட்டை மாதிரியை விட்டுவிட்டு, காலுக்குள் நுழைத்து மாட்டும் சட்டைக்கை மாதிரியை எடுத்தார்கள், மேலும் கீழும் ஒவ்வொரு பட்டையோடு. வழுவழுப்பான துணி மேல் மாட்டினால் எந்த மாதிரியானாலும் இறங்கும். தோலின் மேலோ பருத்தித் துணியின் மேலோ மாட்ட வேண்டும். மூடியின் நடு, கால் நீட்டியிருக்கும்போது அல்ல, மடக்கியிருக்கும்போது சிப்பியின் மேல் வர வேண்டும். கடையிலேயே பத்துத் தடவை உட்கார்ந்து எழச் சொல்லி, பிறகு தரையில் முட்டி போட்டு ஒரு அடி முன்னால் சறுக்கச் சொன்னார்கள். ஒரு விரல் அகலத்துக்கு மேல் இறங்கிய ஒரு ஜோடியை அங்கேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

ஹெல்மெட்டுக்குப் பார்க்க வேண்டிய எண் ஈஎன் 1078. சைக்கிள், ஸ்கேட்போர்டு, ரோலர் ஸ்கேட் மூன்றுக்கும் பொதுவான தரம் இது. பைக் ஹெல்மெட்டில் பார்க்கும் ஐஎஸ் 4151 எண்ணை இங்கே தேட வேண்டாம். அது மோட்டார் வாகன ஹெல்மெட்டுக்கானது, கனமும் காதை மறைப்பதும் ஸ்கேட்டிங்குக்கு இடைஞ்சல். வார் மாட்டாமல், டயலை மட்டும் திருகிவிட்டு, குனிந்து தலையை ஆட்டினால் ஹெல்மெட் விழாமல் நிற்க வேண்டும். முன்விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே. இரண்டு வார்களும் காதுக்குச் சற்றுக் கீழே சேர வேண்டும். வாயை நன்றாகத் திறந்தால் ஹெல்மெட் தலையை லேசாகக் கீழே அழுத்துவது தெரிய வேண்டும், தெரியாவிட்டால் நாடிவார் தளர்வு. பெண் பிள்ளைகளுக்கு உயரமாகக் கொண்டை போட்டால் டயல் உட்கார வேண்டிய பிடரிக் குழியில் உட்காராது, ஹெல்மெட் தூக்கிக்கொண்டு நிற்கும். பயிற்சி நாளில் தாழ்வாக இரட்டைச் சடை நல்லது. தேங்காய் எண்ணெய் தலையோடு போடும்போது உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் துண்டுகள் வழுக்கும். அவற்றைப் பிய்த்தெடுத்து சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காய வைக்கலாம்.

ஸ்கேட்போர்டு பழகும் பிள்ளைகளுக்கு ஒன்று மாறும். அங்கே பலகை முன்னால் ஓட, ஆள் பின்னால் விழுவது சகஜம். எனவே பிடரி வரை இறங்கி வரும் வட்ட ஹெல்மெட்டே வேண்டும். பின்னால் விழும்போதும் கைதான் முதலில் ஊன்றப் போகும், எனவே கார்டு அங்கேயும் அவசியம்.

ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது பெரும்பாலும் தெர்மோகோல் வகைதான். அடி பட்டால் அது நசுங்கி, அந்த நசுங்கலில் அடியின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது திரும்ப எழாது. ஒரு பலமான அடிக்குப் பிறகு மேல்ஓடு பளபளவென்றே இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். வெயிலில் நிறுத்திய காரின் பின்கண்ணாடி அருகே வைத்தாலும், தின்னர் கலந்த பெயிண்டால் பெயர் எழுதினாலும் அது கெட்டுப்போகும். குளச்சல், முட்டம் போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று முழங்கால் மூடியின் ரிவெட்டுகளைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய ரிவெட் விழும்போது மூடியோடு கழன்று வரும், அப்போது கிடைப்பது வெறும் ஸ்பாஞ்ச். மூடியை மாதம் ஒருமுறை கையால் திருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் என்பதால் ஈரமான பேட்டைப் பைக்குள் பூட்டி வைப்பது பூஞ்சைக்கு வழி. வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷாலும் ஊசியாலும் வாரம் ஒரு முறை சுத்தம் செய்தால் போதும்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் முறிவே வராது என்று சொல்ல முடியாது. அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் நடந்து 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், ரிஸ்ட் கார்டு போடாதவர்களுக்கு மணிக்கட்டுக் காயத்தின் வாய்ப்பு ஏறக்குறைய 10 மடங்கு என்று கணக்கிட்டார்கள். அதே சமயம், கெட்டித் தகட்டின் மேல்விளிம்புக்கு மேலே முன்கை முறிந்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தகடு வாங்கிய விசை அதன் விளிம்பில் போய்ச் சேர்வதால் வருவது அது. கையை விறைப்பாக நீட்டாமல் முழங்கையை மடக்கி விழப் பழக்குவது இதற்காகவும்தான்.

அதனால் திரும்பி வந்த முதல் இரண்டு வாரமும் சிறுமிக்கு விழுவதுதான் பாடம். முதலில் ஸ்கேட் இல்லாமல் பாயின் மேல் முட்டி போட்டு முன்னால் சறுக்குவது, பத்துத் தடவை. பிறகு ஸ்கேட் மாட்டிப் புல்தரையில் நின்ற இடத்திலிருந்து. கடைசியில் சிமெண்டில் மெதுவாக உருண்டு வந்து. ஒவ்வொரு தடவையும் பயிற்சியாளர் சொன்னது ஒன்றுதான்: "மக்களே, கையை மறந்திரு, முட்டைக் குடு." முட்டு சறுக்கி நின்ற பிறகே முழங்கை, அதன் பின் உள்ளங்கை, விரல்கள் மேல்நோக்கி. மாட்டும் வரிசையும் மாறியது. முதலில் முழங்கால் பேட், பிறகு ஸ்கேட், முழங்கை பேட், ஹெல்மெட், ரிஸ்ட் கார்டு கடைசி. கார்டை முதலில் மாட்டினால் மற்ற வார்களை விரல்களால் இறுக்க முடியாமல் எல்லாம் தளர்ந்து போகும். அந்த வரிசை தலைகீழாக இருந்ததும் முன்பு பேட் தளர்வாக நின்றதற்கு ஒரு காரணம் என்று அம்மா சொன்ன விவரத்திலிருந்து தெரிந்தது.

ஒரு மாதம் கழித்துச் செட்டைத் திரும்பப் பார்த்தார்கள். இரண்டு முழங்கால் மூடிகளின் நடுவிலும் நீளவாக்கில் அடர்த்தியான வெள்ளைக் கீறல்கள், உள்ளங்கைத் தகட்டின் புடைப்பில் நாலைந்து மெல்லிய கோடுகள், விளிம்புகளிலும் துணியிலும் ஒன்றும் இல்லை. இடது மூடியில் மட்டும் கீறல்கள் அரை விரல் வெளிப்பக்கம் விலகியிருந்தன. கீழ்ப்பட்டையின் வெல்க்ரோவைச் சுத்தம் செய்து, ஒரு கட்டம் இறுக்கி மாட்டிவிட்டார்கள்.